பத்துக்கு இரண்டு

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை சுமக்கும் ஒருவருக்கு இரண்டு மாதமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 2017. அரசு மருத்துவமனையில் சளி கொடுக்கிறார். காசநோய் என்று முடிவு வருகிறது. கூடவே இன்னொரு செய்தியும் வருகிறது: அவர் நெஞ்சில் இருக்கும் கிருமி, காசநோய் மருந்துகளில் முதன்மையான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத வகை. மேற்கொண்டு சோதித்தால் வேறு சில மருந்துகளும் பலிக்காது என்று தெரிகிறது. அவர் மாவட்டம் திட்டத்துக்குள் இருந்தால், சென்னையில் உள்ள மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பெடாகுவிலின் என்ற புது மாத்திரை இருக்கிறது.

அந்த மாத்திரை எளிதில் கைக்கு வராது. முதலில் ஒரு படிவத்தை வாசித்துக் காட்டிச் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு இசிஜி எடுப்பார்கள். சில நாள் கழித்து மறுபடியும் இசிஜி. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, கல்லீரல் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். நுரையீரல் நோய்க்கு வந்தவரின் இதயத்தை எதற்கு இத்தனை முறை பார்க்கிறார்கள் என்று கூட வந்த மனைவிக்குத் தோன்றும். “நல்ல மாத்திரைன்னா கையெழுத்து எதுக்கு மேடம்? ஆகாத மாத்திரைன்னா எதுக்குக் குடுக்கிறீங்க?” என்று அவர் கேட்டால், அது மிகச் சரியான கேள்வி. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான்.

யார் கணக்கில் அரிது?

மருந்து கண்டுபிடிப்பது செலவு மிக்க தொழில். ஒரு நோய் மிகச் சிலருக்கே வரும் என்றால், மருந்தை விற்றுச் செலவை மீட்க முடியாது என்று நிறுவனங்கள் அதைத் தொடாமல் விட்டுவிடும். அப்படித் தூக்கி வளர்க்க ஆளில்லாத மருந்துகளுக்கு ‘அனாதை மருந்து’ என்று பெயர். 1983இல் அமெரிக்கா இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்நாட்டில் 2 லட்சம் பேருக்கும் குறைவாக உள்ள நோய்க்கு மருந்து செய்தால் வரிச் சலுகை உண்டு. ஒப்புதல் பெற்ற பிறகு ஏழு ஆண்டுகள் அதே நோய்க்கு அதே மருந்தை வேறு யாரும் விற்க முடியாது. இந்தியாவில் 2019இல் வந்த புதிய மருந்துகள் விதிகளும் அனாதை மருந்துக்கு ஒரு வரையறை தருகின்றன. இங்கே வரம்பு 5 லட்சம் பேர்.

பெடாகுவிலினுக்கு 2005இல் அமெரிக்காவில் இந்தத் தகுதி கிடைத்தது. காசநோய்க்கு அனாதை மருந்தா என்று நமக்கு வியப்பாக இருக்கும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆனால் கணக்கெடுத்தது அமெரிக்காவில். அங்கே பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு பேருக்குத்தான் வருகிறது. இந்தியாவில் அதே வகை, உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வருகிறது. ஆக, ‘அரிது’ என்பது நோயின் குணத்தைச் சொல்லவில்லை. யார் எண்ணினார்கள், பணம் கொடுத்து வாங்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. ரிஃபாம்பிசினுக்குப் பிறகு சுமார் நாற்பது ஆண்டுகள் காசநோய்க்குப் புதிய வழியில் வேலை செய்யும் மருந்து ஒன்றுகூட ஒப்புதல் பெறாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயாளிகள் ஏராளம். வாங்கும் சக்தி உள்ளவர்கள்தான் அரிது.

பெடாகுவிலின் செய்யும் வேலை புதியது. காசநோய்க் கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்க ஒரு நொதியை நம்பியிருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆற்றல் இல்லாமல் கிருமி சாகும். பெருகிக்கொண்டிருக்கும் கிருமிக்கு மட்டுமல்ல, நுரையீரலின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் கிருமிக்கும் ஆற்றல் வேண்டும் என்பதால் இரண்டையும் இது தாக்கும்.

சளியின் சாட்சி

விரைவு ஒப்புதல் என்று பொதுவாகச் சொல்லும் ஏற்பாட்டுக்குள் வெவ்வேறு சலுகைகள் கலந்திருக்கின்றன. ஒன்றில், மருந்து உருவாகும்போதே அதிகாரிகள் நிறுவனத்தோடு அடிக்கடி உட்கார்ந்து பேசுவார்கள். இன்னொன்றில், விண்ணப்பத்தை வழக்கமான பத்து மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் படித்து முடிப்பார்கள். இவை இரண்டும் காகித வேலையை விரைவுபடுத்துகின்றன. கேட்கும் ஆதாரத்தின் அளவு மாறுவதில்லை. மூன்றாவது சலுகைதான் ஆழமானது. அதில் ஆதாரத்தின் வகையே மாறுகிறது.

வழக்கமாக ஒரு மருந்து மூன்று கட்டச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதல் கட்டத்தில் பெரும்பாலும் உடல்நலம் உள்ள சிலரிடம் பாதுகாப்பைப் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் மருந்து பலிக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டம் பெரியது. நோயாளி பிழைத்தாரா, குணமானாரா என்பதை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். காசநோயில் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஏனென்றால் பழைய முறையில் மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குச் சிகிச்சையே ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள். அதன்பின் நோய் திரும்புகிறதா என்றும் காத்திருந்து பார்க்க வேண்டும்.

அதனால் இறுதி விடைக்குப் பதிலாக, சீக்கிரம் தெரியக்கூடிய வேறொன்றை அளக்கிறார்கள். இதைப் ‘பதிலி அளவு’ என்று வைத்துக்கொள்வோம். காசநோயில் அந்தப் பதிலி, சளிதான். நோயாளியின் சளியை ஊட்டத் திரவத்தில் வைத்து ஆறு வாரம் வரை காத்திருப்பார்கள். உயிருள்ள கிருமி ஒன்று இருந்தாலும் அது பெருகிக் காட்டிக்கொடுத்துவிடும். எதுவுமே வளரவில்லை என்றால் அந்த நோயாளியின் சளி ‘மாறிவிட்டது’ என்பார்கள். சளி மாறியவர்கள் பெரும்பாலும் குணமாவார்கள் என்பது பல ஆண்டு அனுபவம். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது.

பெடாகுவிலின் இந்தப் பதிலி அளவை வைத்துத்தான் உள்ளே வந்தது. 160 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் அன்றிருந்த மருந்துகள் எல்லாம் கிடைத்தன. அவற்றோடு சேர்த்து 79 பேருக்குப் பெடாகுவிலினும், 81 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 24 வாரம் முடிந்தபோது, பெடாகுவிலின் சாப்பிட்டவர்களில் 79 சதவீதம் பேருக்குச் சளி மாறியிருந்தது. மற்றவர்களில் 58 சதவீதம் பேருக்கு. மாறுவதற்கு ஆன நாட்களும் 125இலிருந்து 83 ஆகக் குறைந்தன. வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு இது பெரிய செய்தி.

ஒரு பக்கம் பத்து, மறு பக்கம் இரண்டு

அதே சோதனையின் கடைசிப் பக்கத்தில் வேறொரு கணக்கு இருந்தது. இரு தரப்பையும் நீண்ட காலம் பின்தொடர்ந்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 81 பேரில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பெடாகுவிலின் சாப்பிட்ட 79 பேரில் பத்துப் பேர்.

சளியைச் சுத்தம் செய்யும் மருந்து, ஆளைக் கொல்கிறதா? இந்தக் கேள்வியோடுதான் 2012 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடியது. மருந்து பலிக்கிறது என்று 18 பேரும் ஒருமனதாக வாக்களித்தார்கள். பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு 11 பேர் ஆம் என்றார்கள், 7 பேர் இல்லை என்றார்கள். டிசம்பர் 28 அன்று விரைவு ஒப்புதல் கிடைத்தது. மருந்துடன் வரும் தாளின் தலைப்பில் கறுப்புக் கட்டம் கட்டி, இறப்பு அதிகமாகத் தென்பட்டது என்ற எச்சரிக்கையை அச்சிட்டார்கள். வேறு மருந்து பலிக்காத நோயாளிக்கு மட்டுமே தர வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார்கள்: விற்பனை தொடங்கிய பிறகு பெரிய சோதனை ஒன்றை நடத்தி உண்மையை நிறுவ வேண்டும்.

அந்தப் பத்துக்கு இரண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மொத்தம் 12 இறப்புகள். மருந்துக்கு இதில் பங்கே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு இறப்பும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழ ஏறத்தாழச் சம வாய்ப்பு, காசைச் சுண்டுவதைப் போல. ஒரு காசை 12 முறை சுண்டினால் 4,096 விதமான வரிசைகள் வரலாம். அவற்றில் ஏதாவது ஒரு பக்கம் பத்து முறையோ அதற்கு மேலோ விழும் வரிசைகள் 158. அதாவது ஏறக்குறைய 26க்கு ஒன்று. நடக்கவே நடக்காது என்று தள்ள முடியாத அளவு. தற்செயல்தான் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாத அளவு.

இறப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலும் தெளிவு வரவில்லை. பத்தில் ஒன்று சாலை விபத்து. ஐந்து பேரைக் கொன்றது காசநோயே. பெரும்பாலான இறப்புகள் பெடாகுவிலினை நிறுத்திப் பல மாதங்கள் கழித்து நடந்தவை. மருந்துதான் காரணம் என்று சுட்டும் பொதுவான அடையாளம் எதுவும் இல்லை. இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மருந்து எதிர்ப்புக் காசநோயில் அக்காலத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் இறப்பது வழக்கமாக இருந்தது. அப்படியானால் 79இல் பத்து என்பது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். 81இல் இரண்டு என்பதுதான் விசித்திரமாகக் குறைவு. பிசகு மருந்துத் தரப்பில் இல்லாமல் ஒப்பீட்டுத் தரப்பில் இருக்கலாம். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு ஓர் ஆளுக்கு மாத்திரை எழுதித்தர முடியுமா?

இந்த இடத்தில் எத்தனை யோசித்தாலும் விடை வராது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 160 பேரின் தரவைத் திருப்பித் திருப்பிப் புரட்டினாலும் அதில் இல்லாத தகவல் வெளியே வராது. இன்னும் பலர் அந்த மருந்தைச் சாப்பிட்டாக வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று எழுதிவைத்தாக வேண்டும்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பெடாகுவிலின் கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கானமைசின் போன்ற ஊசிகளை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். அந்த ஊசி உள்காதின் நுண்மயிர்ச் செல்களை அழிக்கும். அவை மறுபடி முளைப்பதில்லை. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் தன் இளவயதில் அப்படித்தான் கேட்கும் திறனை இழந்தார். பின்னாளில் அவரும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும் சேர்ந்து, பெடாகுவிலின் காப்புரிமையை நீட்டிக்கும் முயற்சியை எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது.

188 மாத்திரைகள்

இந்தியா 2015இல் இந்த மருந்துக்கு நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது. மருந்துக் கடையில் விற்கக் கூடாது. 2016 மார்ச்சில் சென்னை, மும்பை, டெல்லி, அகமதாபாத், குவாஹாத்தி ஆகிய ஐந்து நகரங்களின் ஆறு மையங்களில் மட்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் செஞ்சிக்காரர் போட்ட கையெழுத்து இந்தத் திட்டத்தின் கீழ் வருவது.

அவருக்குக் கிடைக்கும் மருந்தின் கணக்கு இது. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம். முதல் இரண்டு வாரம் தினமும் நான்கு மாத்திரை, மொத்தம் 56. அடுத்த 22 வாரம், வாரத்தில் மூன்று நாள் மட்டும், நாளுக்கு இரண்டு மாத்திரை, மொத்தம் 132. கூட்டினால் 188. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் பாதி வீணாகும். சாப்பாட்டோடு எடுத்தால் ஏறத்தாழ இரு மடங்கு ரத்தத்தில் சேரும். வாரத்தில் மூன்று நாள் போதும் என்பதற்குக் காரணம், இந்த மருந்து உடம்பின் திசுக்களில் ஊறித் தங்கிவிடுவது. உள்ளே இருப்பதில் பாதி வெளியேறுவதற்கே ஐந்தரை மாதம் ஆகும்.

இசிஜி எதற்கு? ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் அடங்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். துடிப்பு தொடங்கி அடங்குவது வரை சுமார் 0.4 நொடி. பெடாகுவிலின் இந்த நேரத்தைச் சற்று நீட்டும். அதோடு சேர்த்துக் கொடுக்கும் குளோஃபசிமின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய மருந்துகளும் நீட்டும். நேரம் 0.5 நொடியைத் தாண்டினால், துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேரலாம். வாந்தி பேதியால் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து கூடும். அதனால்தான் இசிஜியும் ரத்தப் பரிசோதனையும். 0.5 நொடியைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிட்டு அடிக்கடி இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் எச்சரிக்கை எல்லை கடந்து தடையாகவும் மாறியது. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவருக்கு, டெல்லியில் வசிப்பவர் அல்ல என்று சொல்லி அங்கிருந்த அரசு மருத்துவமனை ஒன்று மருந்து தர மறுத்தது. அவருடைய தந்தை டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2017 ஜனவரியில்தான் அவருக்கு வழி பிறந்தது. மருந்து நாட்டுக்குள் இருந்தும், ஊர் எது என்ற காரணத்தால் எட்டாமல் போவதை எந்த எச்சரிக்கையாலும் நியாயப்படுத்த முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சந்தைக்கு வந்த பிறகு

மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு திட்டமிட்டு நடத்தும் ஆய்வுகளுக்கு ‘நான்காம் கட்டம்’ என்று பெயர். முந்தைய கட்டங்களால் முடியாத இரண்டு காரியங்கள் இதனால் முடியும். முதலாவது, எண்ணிக்கை. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்க விளைவு ஒன்று, 79 பேரைக் கொண்ட சோதனையில் ஒரு முறையாவது தென்பட வாய்ப்பு பதின்மூன்றில் ஒன்றுதான். பல ஆயிரம் பேர் சாப்பிட்டால்தான் அது வெளியே வரும். இரண்டாவது, ஆட்கள். சோதனைக்கு ஆள் எடுக்கும்போது எச்.ஐ.வி. முற்றியவர், இதயத்தில் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி என்று பலரை விலக்கிவிடுவார்கள். நிஜத்தில் மருத்துவமனை வாசலில் நிற்பவர்கள் அவர்களும்தான்.

பெடாகுவிலினுக்கு இந்த விடையைத் தந்தது தென்னாப்பிரிக்கா. அங்கே மருந்து எதிர்ப்புக் காசநோயாளிகள் அனைவரையும் ஒரே பதிவேட்டில் எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி.யும் உண்டு. 2014 ஜூலை முதல் 2016 மார்ச் வரை பதிவான 19,617 பேரின் கதியை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். பெடாகுவிலின் கிடைத்தவர்கள் 1,016 பேர். அவர்களில் 128 பேர் இறந்தார்கள், அதாவது 12.6 சதவீதம். கிடைக்காத 18,601 பேரில் 4,612 பேர் இறந்தார்கள், 24.8 சதவீதம். 160 பேரில் கொலைகாரன் போலத் தெரிந்த மருந்து, 19,000 பேரில் காப்பாற்றும் மருந்தாகத் தெரிந்தது. 79இல் பத்து என்ற பழைய கணக்கும் 12.7 சதவீதமே என்பதைக் கவனியுங்கள். பெடாகுவிலின் தரப்பின் எண் ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஒப்பீட்டுத் தரப்பின் எண்தான் தன் வழக்கமான உயரத்துக்கு வந்தது.

2018இல் இந்த முடிவுகள் வெளியாயின. அந்த ஆண்டிலேயே தென்னாப்பிரிக்கா ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் என்று அறிவித்தது. ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் பெடாகுவிலினை முதல் வரிசை மருந்தாக உயர்த்தி, கானமைசினைக் கைவிடச் சொன்னது.

பதிவேடு சொல்லாதது

ஆனாலும் ஒரு பதிவேட்டை அப்படியே நம்பிவிட முடியாது. அங்கே யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முடிவு செய்யவில்லை. மருத்துவர் முடிவு செய்தார். ஒரு நோயாளி வருகிறார், பரிசோதனை முடிவு வரச் சில வாரம், மருந்துக்கு விண்ணப்பித்துக் கிடைக்கச் சில வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் அவர் இறந்துபோனால், எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? மருந்து கிடைக்காதவர் கணக்கில். பெடாகுவிலின் பட்டியலில் ஒருவர் சேர வேண்டுமென்றால், அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். ஆக, மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தப் பட்டியல் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். இன்னொரு பக்கம், மிக முற்றியவர்களுக்கே மருத்துவர்கள் புது மருந்தைக் கொடுத்தார்கள் என்றால் அதே பட்டியல் மோசமாகத் தெரியும். எது எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கணக்கால் ஓரளவுக்குச் சரிக்கட்டலாம், முழுமையாக முடியாது. நான்காம் கட்டத் தரவு ஒன்றைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மருந்து கிடைத்தவரும் கிடைக்காதவரும் வேறு எந்த வகையில் வேறுபட்டார்கள்?

அதனால் குலுக்கல் முறையில் ஒரு பெரிய சோதனையும் வேண்டியிருந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இல் கேட்டதும் அதைத்தான். ஸ்ட்ரீம் என்று பெயரிட்ட சோதனையின் இரண்டாம் பகுதியில், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 588 பேர் சேர்ந்தார்கள். ஊசியோடு கூடிய ஒன்பது மாதச் சிகிச்சையில் 71 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு. ஊசிக்குப் பதில் பெடாகுவிலின் சேர்த்த, மாத்திரை மட்டுமான சிகிச்சையில் 83 சதவீதம். கடுமையான காது கேளாமை 9 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. இறப்பில் பெடாகுவிலின் தரப்பு மோசம் என்று சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. முடிவு வெளியானது 2022இல். அமெரிக்காவில் நிபந்தனை நீங்கி முழு ஒப்புதல் கிடைத்தது 2024 ஜூனில். அவசரமாகத் திறந்த கதவுக்கு உரிய ஆதாரம் வந்து சேர்ந்து, நிபந்தனை நீங்கப் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. விரைவு ஒப்புதலின் பெரிய பலவீனம் இதுதான். விற்பனை தொடங்கிவிட்ட பிறகு சோதனையை விரைந்து முடிக்க நிறுவனத்துக்கு அவசரம் குறைந்துவிடுகிறது. மருந்து வெளியிலேயே கிடைக்கும்போது, குலுக்கலில் சேர நோயாளிகளும் தயங்குகிறார்கள்.

இந்தியாவின் 2019 விதிகளிலும் பதிலி அளவை வைத்து விரைவு ஒப்புதல் தரும் வழி இருக்கிறது. பிறகு சோதனை நடத்தி நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. எந்தப் புதிய மருந்துக்கும், முதல் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கொருமுறையும் பாதுகாப்பு அறிக்கை தர வேண்டும். இந்த அறிக்கை நான்காம் கட்ட ஆய்வுக்கு ஈடாகாது. அறிக்கை என்பது வந்த புகார்களின் தொகுப்பு. ஆய்வு என்பது யாரும் புகார் சொல்லாவிட்டாலும் தேடிப்போய்ப் பார்ப்பது.

சேத்துப்பட்டும் மதுரையும்

தேடிப்போய்ப் பார்ப்பதில் தமிழ்நாட்டுக்குப் பழக்கம் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் ஒரு சிறு சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையை, ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்து 1959இல் உடைத்தவர்கள் அவர்கள்.

அதே நிறுவனத்தின் தலைமையில் நடந்த பீட்-டிபி ஆய்வு, பெடாகுவிலினோடு டெலமனிட், லினசோலிட், குளோஃபசிமின் ஆகியவற்றைச் சேர்த்து ஆறு முதல் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தது. சென்னை, மதுரை, மும்பை, டெல்லி, அகமதாபாத் ஆகிய ஊர்களில் 165 பேர் சேர்ந்தார்கள். சாதாரண எதிர்ப்பையும் தாண்டி முற்றிய வகை நோய் அவர்களுடையது. கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க 153 பேரில் 139 பேருக்கு, அதாவது 91 சதவீதம் பேருக்கு நல்ல முடிவு. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லினசோலிட்டால் கை கால் நரம்புகளில் எரிச்சலும் மதமதப்பும் வந்தன. ரத்த அணுக்களும் குறைந்தன. எல்லோரும் பெடாகுவிலினையும் இதயத்தையும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, தொல்லை கொடுத்தது கூட வந்த மருந்து. அதன்பின் லினசோலிட்டின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பது தனி ஆய்வாகவே ஆனது.

2024 செப்டம்பரில் மத்திய அரசு, பெடாகுவிலினை மையமாகக் கொண்ட நான்கு மருந்துகளின் ஆறு மாதச் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தது. நம் செஞ்சிக்காரர் இன்று நோயோடு வந்தால், ஊசியே இல்லாமல், இரண்டு ஆண்டுக்குப் பதில் ஆறு மாதத்தில் முடிக்கும் வாய்ப்பு உண்டு. இசிஜி மட்டும் இன்றும் உண்டு.

வெளியேற மறுக்கும் மருந்து

நான்காம் கட்டம் முடிந்துவிடவில்லை. அது இப்போது வேறொரு கேள்வியைத் துரத்துகிறது. ஐந்தரை மாதத்தில் பாதிதான் வெளியேறும் என்ற அந்தக் குணத்துக்கு மறுபக்கம் உண்டு. நோயாளி ஒருவர் மூன்றாம் மாதத்தில் கொஞ்சம் தேறிவிட்டது என்று எல்லா மருந்தையும் நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக் காலம், விற்பனைக்கூடத்தில் வேலை நெருக்கடி, கூலியை விட முடியாது. மற்ற மருந்துகள் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுவிலின் மட்டும் கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில், துணைக்கு வேறு மருந்து இல்லாமல், மாதக்கணக்கில் தங்கும். அந்தச் சூழலில் பிழைக்கத் தெரிந்த கிருமிகள் மட்டும் பெருகும். மருந்தைத் தன் உடலிலிருந்து வெளியே தள்ளக் கற்றுக்கொள்ளும் அந்தக் கிருமி, அதே வழியில் குளோஃபசிமினையும் தள்ளிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் 2015க்கும் 2019க்கும் இடையே, சிகிச்சை தொடங்கும்போதே எடுத்த 2,023 பேரின் கிருமிகளைச் சோதித்தார்கள். 76 பேரின் கிருமிக்குப் பெடாகுவிலின் பலிக்கவில்லை. நூற்றுக்கு நான்கு என்பது கேட்கச் சிறிதுதான். ஆனால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் மாவட்ட மருத்துவமனை வரை வந்துவிட்டன. பெடாகுவிலின் எதிர்ப்பை அப்படிச் சொல்ல முடியவில்லை. எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றங்கள் ஒரே இடத்தில் இல்லாமல் மரபணு நெடுகச் சிதறிக் கிடப்பதால், கிருமியை மருந்தோடு சேர்த்து வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டாம் மாதம் தாண்டியும் ஒருவருக்குச் சளி மாறவில்லை என்றால், அந்தச் சளியை உடனே இந்தச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும்.

மருந்து சாப்பிடுபவரும் வீட்டாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மயக்கம், படபடப்பு, கை கால் மதமதப்பு என்று எது வந்தாலும், மருத்துவரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். 2010இல் தொடங்கிய திட்டம் அது. நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது.